பேட் சொன்ன இழப்பைத் தரவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

மூன்றே ரெசிஸ்டர். அதில் பிழை வர என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். ஆனால் சிக்னலைக் குறிப்பிட்ட டிபி அளவு குறைக்கும் அட்டென்யுவேட்டர் பேட் கட்டியவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதி, "கணக்கு சரி, அளவு மட்டும் தப்பு" என்ற ரகம். பை வடிவமோ டி வடிவமோ, பெரும்பாலான கோளாறுகளைக் கண்டுபிடிக்க நெட்வொர்க் அனலைசர் தேவையில்லை, சாதாரண மல்டிமீட்டர் போதும். அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் கீழே உள்ள மீட்டர் சோதனையை முடித்துவிட்டு வாருங்கள்.

எடுத்துக்காட்டுக்கு, 5 வாட் குறுகிய அலை டிரான்ஸ்மிட்டரை அளவுக் கருவியோடு இணைக்கக் கட்டும் 50 ஓம், 10 டிபி பேட் ஒன்றையே கடைசிவரை வைத்துக்கொள்வோம். சூத்திரம் இதுதான்:

```
K = 10^(A/20)
π:  Rp = Z0*(K+1)/(K-1)    Rs = Z0*(K*K-1)/(2*K)
T:  Rs = Z0*(K-1)/(K+1)    Rp = Z0*2*K/(K*K-1)
```

A என்பது டிபியில் இழப்பு, Z0 இரு பக்கமும் பேட் மேட்ச் ஆக வேண்டிய ஓம், இங்கே 50, Rs சீரிஸ் ரெசிஸ்டர், Rp கிரவுண்டுக்குப் போகும் ஷன்ட் ரெசிஸ்டர். 10 டிபிக்கு K = 3.162. பை வடிவில் இரண்டு ஷன்டும் 96.25 ஓம், நடுவில் சீரிஸ் 71.15 ஓம். டி வடிவில் இரண்டு சீரிஸும் 25.97 ஓம், நடுவில் ஷன்ட் 35.14 ஓம்.

முதல் சோதனை: ஓபன், ஷார்ட்

பேட்டின் இரு பக்கத்துக் கேபிளையும் கழற்றிவிடுங்கள். ஒரு முனையின் நடு பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே மீட்டரை வையுங்கள். மறுமுனை திறந்திருக்கும்போது வரும் ஓம் Ro. மறுமுனையை ஷார்ட் செய்தால் வரும் ஓம் Rc. மீட்டர் வயர்களை ஒன்றோடொன்று தொட்டால் காட்டும் 0.2, 0.3 ஓமை இரண்டிலிருந்தும் கழித்துக்கொள்ளுங்கள். பிறகு:

```
Z0 = sqrt(Ro * Rc)
t  = sqrt(Rc / Ro)
A  = 10*log10((1+t)/(1-t))
```

நம் 10 டிபி பேட் சரியாக இருந்தால் Ro 61.1 ஓம், Rc 40.9 ஓம் வரும். பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 50. வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.818, அதிலிருந்து இழப்பு 10 டிபி. மீட்டரைத் தவிர வேறெதுவும் இல்லாமல் மேட்சிங்கும் இழப்பும் இரண்டும் கையில் வந்துவிட்டன. பையாக இருந்தாலும் டியாக இருந்தாலும் இதே எண்கள்தான். பெட்டியை மூடிவிட்டால் உள்ளே இருப்பது எது என்று வெளியிலிருந்து ஓம் அளந்து சொல்லவே முடியாது.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. இழப்பு கூடக் கூட Ro, Rc இரண்டும் 50ஐ நெருங்கிவிடும். 20 டிபியில் அவை 51.0, 49.0. மீட்டர் ஒன்றில் 0.3 ஓம் கூட்டியும் மற்றதில் 0.3 ஓம் குறைத்தும் காட்டினாலே விடை ஒரு டிபிக்கு மேல் தள்ளிப்போகும். 30 டிபியில் இது வீண் வேலை. அப்போது இரு முனைகளின் நடு பின்களுக்கிடையே அளந்து பாருங்கள். கிரவுண்டைத் தொட வேண்டாம். சமச்சீரான பேட்டில் அந்த அளவு X என்றால் K = (2·Z0 + X)/(2·Z0 − X). 10 டிபிக்கு X 51.9 ஓம், 20க்கு 81.8, 30க்கு 93.9. இங்கே 0.3 ஓம் தப்பினாலும் 30 டிபியில் அரை டிபி அளவுதான் விலகும்.

அறிகுறி: எல்லா அலைவரிசையிலும் இழப்பு ஒரே மாதிரி தப்பு

மீட்டரும் தப்பாகவே காட்டுகிறது என்றால் பிழை கணக்கிலோ, ரெசிஸ்டர் மாற்றி வைத்ததிலோதான். எண்களே ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

Ro 51.0, Rc 49.0 வருகிறதா? மேட்சிங் அருமை, ஆனால் இழப்பு 20 டிபி. K கணக்கிடும்போது 20ஆல் வகுக்காமல் 10ஆல் வகுத்திருக்கிறீர்கள். K என்பது மின்னழுத்த விகிதம், பவர் விகிதம் இல்லை. இந்தப் பிழையில் இழப்பு எப்போதும் மிகச் சரியாக இரட்டிப்பாகும், மேட்சிங்கைக் காட்டும் எஸ்டபிள்யூஆர் கெடவே கெடாது. அதனால்தான் பலர் பேட்டை விட்டுவிட்டு அளவுக் கருவியைச் சந்தேகிக்கிறார்கள்.

Ro 49.9, Rc 40.9 என்றால் பை வடிவில் சீரிஸும் ஷன்டும் இடம் மாறியிருக்கின்றன: 71 ஓம் கிரவுண்டுக்கும் 96 ஓம் நடுவிலும் போயிருக்கும். Z0 45 ஓமுக்கு இறங்கி, இழப்பு 13 டிபிக்கு ஏறியிருக்கும்.

Ro 62.7, Rc 40.5 வந்தால் அது பிழையே இல்லை. கடையில் கிடைக்கும் 100, 68, 100 ஓமைப் போட்டால் வரும் எண்கள் அவை. Z0 50.4 ஓம், இழப்பு 9.6 டிபி. 96.25 ஓம் ரெசிஸ்டர் எந்தக் கடையிலும் கிடைக்காது, அதைத் தேடி அலைய வேண்டாம். மேட்சிங் கெடாமல் இழப்பில் மட்டும் சில பத்தில் ஒரு டிபி விலகினால், அந்த எண்ணைப் பெட்டியின் மேல் எழுதி ஒட்டிவிடுவதே நல்லது. "10" என்று ஒட்டிய 9.6 பேட்டைவிட "9.6" என்று ஒட்டிய பேட் எனக்கு எப்போதும் மேல்.

அறிகுறி: இரண்டு முனையிலிருந்தும் வேறு வேறு ஓம்

பேட் சமச்சீராகக் கட்டப்பட்டது, ஆனால் Ro ஒரு பக்கம் 73, மறுபக்கம் 65 என்று வருகிறது. ஏதோ ஒரு காலின், அதாவது மூன்று ரெசிஸ்டரில் ஒன்றின், மதிப்பு மாறிவிட்டது. ஓம் அதிகம் காட்டும் முனைக்கு அருகில் உள்ள கால்தான் ஏறியிருக்கும். இந்த 73, 65 எண்கள் பை பேட்டின் உள்ளீட்டு ஷன்ட் 96லிருந்து 130 ஓமுக்கு ஏறினால் வருபவை.

ஏன் எப்போதும் உள்ளீட்டுக் காலே போகிறது? 5 வாட் உள்ளே விட்டால் பவர் எங்கே போகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 ஓமில் 5 வாட் என்றால் மின்னழுத்தத்தின் வர்க்கம் 250. உள்ளீட்டு ஷன்டில் 250/96.25, அதாவது 2.6 வாட். நடு சீரிஸில் 1.64 வாட். வெளியீட்டு ஷன்டில் 0.26 வாட். மிச்சம் 0.5 வாட் வெளியே போகிறது. பாதிக்கும் மேல் முதல் ரெசிஸ்டரே தின்றுவிடுகிறது. "5 வாட் பேட், மூன்று ரெசிஸ்டர், ஆளுக்கு 2 வாட் போதும்" என்று பங்குபோட்டுக் கட்டினால் முதல் கால் கருகுவது நிச்சயம். டி வடிவிலும் இதே பங்குதான், உள்ளீட்டு சீரிஸுக்கு 2.6, நடு ஷன்டுக்கு 1.64.

அந்த முதல் கால் முழுதாக அறுந்துபோனால் என்ன ஆகும் என்பதில்தான் பைக்கும் டிக்கும் பெரிய வித்தியாசம். டி வடிவில் அது சீரிஸ். அறுந்தால் சிக்னல் நின்றுவிடும், பின்னால் உள்ள கருவி தப்பிக்கும். பை வடிவில் அது கிரவுண்டுக்குப் போகும் கால். அறுந்தால் சிக்னல் நிற்காது, இன்னும் கூடுதலாகப் போகும்: இழப்பு 10லிருந்து 7.4 டிபிக்கு இறங்கும். மூலம் 50 ஓம் என்று கொண்டால் அரை வாட் வெளியே வந்த இடத்தில் 0.9 வாட் வரும். உள்ளீட்டு எஸ்டபிள்யூஆர் 2.1 ஆகும். பேட் நன்றாக இருக்கும்போது எஸ்டபிள்யூஆர் 1க்கு அருகில் காட்டிக்கொண்டிருந்தது திடீரென்று 2 என்றால், பவரை நிறுத்திவிட்டு மீட்டரை எடுங்கள். உள்ளீட்டுப் பக்கம் Ro 167, வெளியீட்டுப் பக்கம் 96 என்று வந்தால் கால் அறுந்தது உறுதி.

டி என்றாலும் முழுப் பாதுகாப்பு என்று நினைத்துவிடாதீர்கள். நடு ஷன்ட் அறுந்தால் இழப்பு வெறும் 3.6 டிபி. ஆனாலும் அதிகம் சுடும் கால் எது, அது போனால் என்ன ஆகும் என்று பார்த்தால், பவர் தாங்க வேண்டிய இடத்தில் நான் டியைத்தான் எடுப்பேன்.

பையாகவே கட்ட வேண்டும் என்றால் உள்ளீட்டுக் காலுக்கு நான்கு 390 ஓம், 2 வாட் மெட்டல் ஆக்ஸைடு ரெசிஸ்டர்களை இணையாக வையுங்கள்: 97.5 ஓம், மொத்தம் 8 வாட் தாங்கும். சீரிஸுக்கு மூன்று 220 ஓம் இணையாக, 73.3 ஓம். வெளியீட்டுக்கு நான்கு 390 ஓம் கால் வாட் போதும். Ro 62.1, Rc 41.9 வரும். கணக்கிட்டால் Z0 51 ஓம், இழப்பு 10.1 டிபி. ஆனால் பெட்டியின் எந்த முனை டிரான்ஸ்மிட்டருக்கு என்று கட்டாயம் குறித்து வையுங்கள். ஓம் கணக்கில் இந்தப் பேட் சமச்சீர், வாட் கணக்கில் இல்லை. திருப்பிப் போட்டால் அந்தக் கால் வாட் ரெசிஸ்டர்கள் 2.6 வாட்டைச் சுமக்க வேண்டிவரும்.

அறிகுறி: மீட்டரில் 10 டிபி, ஸ்கோப்பில் 4 டிபி

மீட்டர் சோதனை கச்சிதமாக வந்த பேட்டை ஃபங்ஷன் ஜெனரேட்டருக்கும் ஸ்கோப்புக்கும் நடுவில் போட்டால் 6 டிபி காணாமல் போகிறது. பேட்டில் ஒரு குறையும் இல்லை. ஸ்கோப்பின் உள்ளீடு 1 மெகா ஓம், பேட் எதிர்பார்ப்பது 50 ஓம்.

ஜெனரேட்டர் திரையில் 50 ஓம் லோடுக்கு 1 வோல்ட் என்று வைத்திருக்கிறீர்கள். 10 டிபி கழித்து 0.316 வோல்ட் வர வேண்டும். வெளியீட்டுப் பக்கத்திலிருந்து பேட்டைப் பார்த்தால் அதுவும் 50 ஓம் மூலம்தான். லோடு இல்லாத 50 ஓம் மூலத்தின் மின்னழுத்தம் இரட்டிப்பாகும் என்பதால் ஸ்கோப் 0.632 வோல்ட் காட்டும். இரட்டிப்பு என்றால் 6 டிபி. 10ல் 6 போக 4.

இதில் ஆளை ஏமாற்றும் இன்னொரு விஷயம் இருக்கிறது. பேட் இல்லாமல் ஜெனரேட்டரை நேரே ஸ்கோப்பில் கொடுத்து, பிறகு பேட்டைப் போட்டு ஒப்பிட்டால் வித்தியாசம் சரியாக 10 டிபி வரும். ஏனென்றால் முதல் அளவும் இரட்டித்து 2 வோல்ட்டாகத்தான் இருக்கும். ஆகவே ஒருவர் "10 வருகிறது" என்பார், இன்னொருவர் அதே பேட்டை வைத்துக்கொண்டு "4தான்" என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஸ்கோப்பின் வாயிலில் 50 ஓம் டெர்மினேட்டரை மாட்டிவிட்டால் சண்டை தீரும். டெர்மினேட்டர் ஸ்கோப் முனையில் இருக்க வேண்டும், கேபிளின் இந்தப் பக்கம் பேட்டோடு ஒட்டி அல்ல.

ஆடியோவில் 600 ஓம் பேட்டை இன்றைய மிக்ஸரின் 10 கிலோ ஓம் லைன் உள்ளீட்டில் போடும்போது வருவதும் ஏறத்தாழ இதே 6 டிபிதான்.

அறிகுறி: மறுமுனையில் ஒன்றுமே இல்லை, எஸ்டபிள்யூஆர் மட்டும் பிரமாதம்

மேலே பார்த்த Ro 61.1ஐ 50ஆல் வகுங்கள்: 1.22. அதாவது 10 டிபி பேட்டின் மறுமுனையில் ஆன்டெனாவே இல்லாவிட்டாலும் எஸ்டபிள்யூஆர் மீட்டர் 1.22தான் காட்டும். போகும் சிக்னல் 10 டிபி குறைந்து, முனையில் மோதி, திரும்பும்போது இன்னொரு 10 டிபி குறைகிறது, ரிட்டர்ன் லாஸ் 20 டிபி. 3 டிபி பேட் என்றால் அது 6 டிபி மட்டுமே, எஸ்டபிள்யூஆர் 3 வரை போகும். பேட் போட்டபின் ஆன்டெனா "சரியாகிவிட்டது" என்றால், ஆன்டெனா மாறவில்லை, அதன் குறையைப் பேட் மூடி மறைக்கிறது.

அறிகுறி: கீழ் அலைவரிசையில் சரி, மேலே போகப்போகத் தப்பு

மீட்டர் அளப்பது நேர்மின்னோட்டம். ரெசிஸ்டரின் ஓரமாக ஒளிந்திருக்கும் கெபாசிட்டன்ஸும் இண்டக்டன்ஸும் அதற்குத் தெரியாது.

குறுகிய அலையிலேயே கெட்டுப்போகிறது என்றால் பெட்டியைத் திறந்து, வெள்ளைச் செங்கல் மாதிரி இருக்கும் 5 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் உள்ளே இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் அதன் உள்ளே கம்பிச் சுருள். ஒரு மைக்ரோஹென்றி இருந்தால்கூட 7 மெகா ஹெர்ட்ஸில் அது 44 ஓம் ரியாக்டன்ஸ். டி வடிவின் 26 ஓம் சீரிஸோடு 44 ஓம் சேர்ந்தால் அங்கே பேட் என்ற ஒன்றே இல்லை. மீட்டரில் ஓம் மட்டும் அச்சுப் பிசகாமல் காட்டும். மாற்றுவதைத் தவிர வழியில்லை.

விஎச்எஃப், யூஎச்எஃப்பில் தொல்லை வேறு மாதிரி. அங்கே பெரும்பாலும் இழப்பு குறைந்துகொண்டே போகும், அதுவும் அதிக டிபி பேட்டில்தான் முதலில் தெரியும். 20 டிபி பை பேட்டின் சீரிஸ் 247.5 ஓம். அதன் இரு முனைகளுக்கிடையே 1 பிகோஃபாரட் இருந்தால் 430 மெகா ஹெர்ட்ஸில் அது 370 ஓம் குறுக்குப் பாதை. இரண்டும் சேர்ந்து 247 ஓம் இருந்த இடத்தில் ஏறத்தாழ 206 ஓமாகிவிடும். 20 டிபி டி பேட்டில் நடு ஷன்ட் 10.1 ஓம் மட்டுமே. அந்த ரெசிஸ்டரின் கம்பிக் காலில் 5 நானோஹென்றி இருந்தால் 430 மெகா ஹெர்ட்ஸில் 13.5 ஓம் கூடுகிறது. கிரவுண்டுக்கு இழுக்க வேண்டிய கால் இழுக்க மறுக்கிறது. ரெசிஸ்டர் காலை மில்லிமீட்டருக்கு ஒரு நானோஹென்றி என்று தோராயமாக வைத்துக்கொண்டால், 5 மில்லிமீட்டர் கால் விட்டாலே இந்த நிலைதான்.

ஒரே பேட்டில் 20 டிபி எடுக்காமல் இரண்டு 10 டிபியை அடுத்தடுத்து வைப்பதுதான் மருந்து. அப்போது சீரிஸ் 71 ஓம்தான், அதே 1 பிகோஃபாரட் அதை 70 ஓமாக்குவதோடு நின்றுவிடும். 0805 சிப் ரெசிஸ்டர் போடுங்கள், ஷன்டை 191 ஓம் இரண்டாகப் பிரித்து டிராக்கின் இரு பக்கமும் கிரவுண்டுக்கு இறக்குங்கள், இரண்டு பேட்டுக்கும் நடுவில் செப்புத் தகட்டில் ஒரு சுவர் வையுங்கள். 60, 70 டிபிக்கு மேல் பேட்டுகளை அடுக்கும்போது சுவர் இல்லாவிட்டால், சிக்னல் ரெசிஸ்டர் வழியே வராமல் காற்று வழியே வந்துவிடும். பெட்டியருகே கையைக் கொண்டுபோனால் அளவு ஆடுகிறதா என்று பார்த்தால் அது தெரிந்துவிடும்.

அறிகுறி: சூத்திரம் நெகட்டிவ் ஓம் தருகிறது

50 ஓம் கருவியை 75 ஓம் டிவி கேபிளோடு சேர்க்க, இழப்பு குறைவாக இருக்கட்டும் என்று 3 டிபி பேட் கணக்கிட்டால் 50 ஓம் பக்கத்து சீரிஸ் −23 ஓம் என்று வரும். நீங்கள் கணக்கில் தப்பவில்லை. வெறும் ரெசிஸ்டரால் இரு பக்கமும் மேட்ச் ஆகும்படி 50ஐயும் 75ஐயும் சேர்க்க வேண்டுமானால் 5.72 டிபிக்குக் குறைவாக முடியவே முடியாது. அந்தக் குறைந்தபட்ச இழப்பில் 50 ஓம் பக்கத்துக் கால் பூஜ்யமாகி, மூன்று ரெசிஸ்டர் இரண்டாகிவிடும்: 75 ஓம் பக்கம் 43.3 ஓம் சீரிஸ், 50 ஓம் பக்கம் 86.6 ஓம் ஷன்ட். 43, 87 ஓம் போட்டால் போதும்.

இதற்கும் ஓபன், ஷார்ட் சோதனை அப்படியே செல்லும். 75 பக்கத்திலிருந்து 129.9, 43.3 வரும், பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 75. 50 பக்கத்திலிருந்து 86.6, 28.9 வரும், அது 50. இரண்டு பக்கமும் வேறு ஓம் வருவது இங்கே கோளாறு அல்ல. இரண்டிலிருந்தும் t 0.577, இழப்பு 5.72 டிபி என்று ஒத்துவந்தால் பேட் சரி.

கட்டி முடித்து வோல்ட்டை அளந்தால் இன்னொரு குழப்பம் வரும். 75லிருந்து 50க்குப் போகும்போது மின்னழுத்தம் 7.5 டிபி குறையும், 50லிருந்து 75க்குப் போகும்போது 4 டிபிதான் குறையும். இரு பக்கமும் ஓம் வேறு என்பதால் 5.72 என்பது பவர் கணக்கு மட்டும். வோல்ட்டில் அளப்பவர் போகும் திசைக்கு ஏற்ப 1.76 டிபியைக் கூட்டவோ கழிக்கவோ வேண்டும்.